பிசிறு முடி, ஏறு நெற்றி: போட்டோவில் தலை ஹெல்மெட் ஆகாமல் சரிசெய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகப்படம் ரீடச் செய்பவர்களை அதிகம் படுத்துவது தோல் இல்லை, முடிதான். இங்கே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இளம் சாம்பல் நிறப் பின்னணி, இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம், நடு வகிடு எடுத்துப் பின்னால் இழுத்துக் கட்டிய கறுப்பு முடி. உச்சந்தலையில் பிசிறுகள் எழும்பி நிற்கின்றன. இரண்டு நெற்றிப்பொட்டிலும் முடி குறைந்து தோல் தெரிகிறது. 24 மெகாபிக்சல் கோப்பு. போட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன், கிம்ப்பில் மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

பிசிறு முடியை எல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது தலை ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கிறது. ஏன்?

தலையின் விளிம்பை 100% அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒரு கோடு இருக்காது, மூன்று பகுதிகள் இருக்கும். உள்ளே அடர்த்தியான கறுப்பு. அதற்கு வெளியே முடியும் பின்னணியும் கலந்து பாதி ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய பட்டை. அதற்கும் வெளியே தனித்தனியாக நிற்கும் முடிகள்.

பிசிறை எடுக்கும்போது நம் பிரஷ் வெளிப்பகுதியோடு நிற்பதில்லை. நடுவில் இருக்கும் அந்தப் பட்டையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. பிறகு அடர்ந்த கறுப்பு நேராகப் பின்னணியில் போய் முட்டுகிறது. கண்ணுக்கு அது முடியாகத் தெரியாது, கெட்டியான ஓடாகத்தான் தெரியும். முடி கொஞ்சம் ஃபோகஸ் தவறியிருக்கும் படத்தில் இது இன்னும் மோசம். சுற்றிலும் மென்மையாக இருக்க, நாம் தொட்ட இடம் மட்டும் கத்தியால் நறுக்கிய மாதிரி நிற்கும்.

அதனால் நடுப்பட்டையைத் தொடாதீர்கள். வெளியே நிற்கும் தனி முடிகளில் வேண்டாததை மட்டும் எடுத்தால் போதும். ஹெல்மெட் பிரச்சினையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

எதை எடுப்பது, எதை விடுவது?

இதைப் பெரிதாக்கிய நிலையில் முடிவு செய்யக் கூடாது. முழுப் படமும் திரையில் தெரியும் அளவில் வைத்து, கண்ணை உறுத்தும் முடிகளைத் தனி லேயரில் சிவப்புப் பிரஷ்ஷால் குறியுங்கள். குறித்ததை மட்டும் எடுங்கள்.

உறுத்துபவை பெரும்பாலும் இவைதான்: முகத்தின் குறுக்கே, முக்கியமாகக் கண்ணின் மேல் விழுபவை, முடி ஓடும் திசைக்கு எதிராக வளைந்து வளையம் போடுபவை, கும்பலாக எழும்பித் தலையின் வடிவத்தில் ஒரு மேட்டை உண்டாக்குபவை. முடியின் போக்கிலேயே எழும்பி நுனியில் மெலிந்து மறைபவற்றை விட்டுவிடுங்கள். நம் படத்தில் உச்சிக்கு வலப்புறம் ஒரு வளையம் இருக்கிறது. வகிட்டுக்குப் பின்னால் குத்திட்டு நிற்கும் ஒரு கொத்தும் இருக்கிறது. இவை போனாலே தலை படிந்துவிட்டது போலத் தெரியும். காதுக்கு மேல் காற்றில் நிற்கும் மெல்லிய முடிகள் அப்படியே இருக்கட்டும்.

ஹீலிங் பிரஷ்ஷில் எடுத்தால் விளிம்பில் கறுப்பு இழுத்துக்கொண்டு புகை மாதிரி ஆகிறது. என்ன செய்வது?

ஹீலிங் பிரஷ் நாம் எடுத்துக் கொடுக்கும் இடத்தின் இழையமைப்பை வைத்துக்கொண்டு, நிறத்தையும் வெளிச்சத்தையும் பூசும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கிறது. சுற்றுப்புறத்தில் கறுப்பு முடி இருந்தால் அந்தக் கறுப்பைப் பின்னணிக்குள் கலந்துவிடும். ஆகவே தலையிலிருந்து தள்ளி நிற்கும் முடிக்கு மட்டும் ஹீலிங். விளிம்பை நெருங்கியதும் குளோன் ஸ்டாம்புக்கு மாறிவிடுங்கள்.

குளோனை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு மேல் ஒரு காலி லேயர். அந்த லேயரின் பிளெண்ட் மோடு Lighten. குளோன் ஸ்டாம்பின் மோடு Normal, Sample என்ற இடத்தில் Current & Below. ஹார்ட்னஸ் 50% அளவில் போதும். பிரஷ்ஷின் அகலம் எடுக்கப்போகும் முடியைவிட மூன்று, நான்கு மடங்கு. Alt அழுத்தி, பக்கத்திலேயே உள்ள சுத்தமான பின்னணியை எடுத்து, முடியின் மேல் அதன் நீளவாக்கில் பூசுங்கள்.

Lighten என்பதால் பின்னணியைவிடக் கறுப்பாக இருக்கும் பிக்சல்கள் மட்டும்தான் மாறும். பின்னணி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், எனவே பூசிய தடம் தெரியாது. ஆனால் அடர்ந்த முடியும் கறுப்புதானே, கை தவறி அதற்குள் போனால் அதையும் வெளுத்துவிடும். அங்கே மட்டும் நிதானம் வேண்டும்.

ஒரு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். Lighten-ஐ லேயருக்குப் போடாமல் பிரஷ்ஷின் மோடில் போட்டுவிட்டு, காலி லேயரில் பூசுவார்கள். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த லேயரில் எதுவும் இல்லாததால் அது சாதாரணப் பூச்சாகவே விழும். மோடு லேயரில்தான் இருக்க வேண்டும்.

பின்னணி கறுப்பாகவும் முடி வெளிறியும் இருந்தால் லேயருக்கு Darken. கிம்ப்பில் இவற்றின் பெயர் Lighten only, Darken only. அங்கே குளோனில் Sample merged-ஐ டிக் செய்து, இடத்தை எடுக்க Ctrl அழுத்த வேண்டும்.

நூற்றுக்கணக்கில் பிசிறு இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்க முடியுமா?

பின்னணி வெறுமையாக இருந்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதில்லை. படத்தின் நகலை மேலே ஒரு லேயராக எடுத்து Filter > Noise > Dust & Scratches போடுங்கள். Threshold 0. Radius-ஐ 4, 6, 8 என்று மெதுவாகக் கூட்டி, பின்னணியில் உள்ள முடிகள் மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். முகமெல்லாம் கரைந்து போயிருக்கும், பரவாயில்லை. அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பிசிறு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைப் பிரஷ்ஷால் திறங்கள். முன்பு சொன்ன நடுப்பட்டைக்குச் சற்று வெளியிலேயே நின்றுவிடுங்கள்.

இந்த ஃபில்டர் படத்தின் இயல்பான குருணையையும் அழித்துவிடும். திறந்த இடம் மட்டும் வழவழவென்று பளிச்சிடும், அச்சில் பட்டை பட்டையாகவும் தெரியலாம். அதே லேயரில் Add Noise எடுத்து Gaussian, Monochromatic இரண்டையும் தேர்ந்து, 1 முதல் 2% போட்டு, 100% அளவில் பக்கத்துப் பின்னணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மரம், கட்டடம், புத்தக அலமாரி என்று ஏதாவது இருக்கும் பின்னணிக்கு இந்த வழி உதவாது. அங்கே குளோன்தான்.

முடியை எடுத்த இடத்தில் பாதியில் வெட்டிய மாதிரி மொட்டையாக நிற்கிறதே?

முடியின் வெளிப்பாதியை அழித்துவிட்டு உள்பாதியை விட்டால் இப்படித்தான் ஆகும். நிஜ முடி நுனியை நோக்கி மெலிந்து வெளிறிப் போகும். அடர்த்தியாக நின்ற முடி திடீரென்று முடிவதில்லை.

இரண்டு வழி உண்டு. அந்த முடியைப் பின்தொடர்ந்து உள்ளே போய், அது கூட்டத்தோடு கலக்கும் இடம் வரை முழுக்க எடுத்துவிடலாம். அல்லது பாதியை வைத்துக்கொண்டு, அதன் கடைசிப் பகுதியை ஓப்பாசிட்டி 30% அளவுக் குளோனால் இரண்டு மூன்று முறை தொட்டு மெலிய வைக்கலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், நடுப்பட்டைக்குச் சேதம் குறைவு. ஒன்றிரண்டு இடங்களில் கை அதிகமாகப் போய் விளிம்பு வெட்டுப்பட்டுவிட்டால், பக்கத்து முடியின் போக்கில் மூன்று நான்கு மெல்லிய முடிகளை வரைந்து விளிம்பைத் திறந்துவிடுங்கள். வரையும் விதம் கீழே வருகிறது.

முகத்தின் குறுக்கே விழும் முடிக்கும் இதே வழியா?

இல்லை. தோலின் மேல் ஹீலிங் பிரஷ்தான் சரி, ஏனென்றால் அங்கே சுற்றுப்புறம் எல்லாமே தோல். முடி புருவத்தையோ இமையையோ உதட்டு ஓரத்தையோ கடக்கும் இடத்தில் மட்டும் குளோனுக்கு மாறுங்கள். தோலை இரண்டாகப் பிரித்து வேலை செய்யும் ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறையில் இழை லேயரில் மட்டும் முடியை எடுத்தால், நிற லேயரில் அதன் நிழல் மங்கலாகத் தங்கிவிடும். முடியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

நெற்றிப்பொட்டில் முடி குறைவு. கறுப்பு அடித்தால் மை பூசினது போல இருக்கிறது. சரியான வழி என்ன?

முடி குறைவாகத் தெரிவதற்கு முடியின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. கறுப்பு முடிக்கு நடுவே வெளிறிய தோல் எட்டிப் பார்க்கிறது, அந்த வித்தியாசம்தான் கண்ணில் படுகிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் தோலின் வெளிச்சத்தை இறக்குவது, அதன் பிறகு முடி வரைவது. முதல் பாதியை ஒழுங்காகச் செய்தால் இரண்டாம் பாதியில் வேலை வெகுவாகக் குறையும்.

தோலை இறக்க Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, கோட்டின் நடுவைக் கீழே இழுங்கள். அதன் மாஸ்க்கைக் கறுப்பாக்கி, ஹார்ட்னஸ் 0, ஃப்ளோ 5% வெள்ளைப் பிரஷ்ஷால் முடி குறைந்த இடத்தில் மெல்ல மெல்லத் தடவுங்கள். கறுப்பு நிறத்தை மேலே பூசும்போது முடி, தோல் எல்லாம் ஒரே மூட்டமாகிவிடும். Curves-இல் ஏற்கெனவே இருக்கும் சின்ன முடிகளும் தோலின் துளைகளும் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் இறங்கும். தோல் செம்மஞ்சளாகச் சிவக்கிறது என்றால் அந்த Curves லேயரின் மோடை Luminosity-க்கு மாற்றுங்கள்.

எவ்வளவு இறக்கலாம்? தோலுக்கும் முடிக்கும் இடைப்பட்ட வெளிச்சத்தில் பாதி தூரம் வரை. அதைத் தாண்டினால் மை பூசிய தோற்றம் வந்துவிடும். உள்ளே அடர்த்தியான பக்கம் அதிகமாகவும், நெற்றியை நோக்கி வர வர ஒன்றுமில்லாமலும் கரைய வேண்டும். நெற்றி ஓரத்தில் நேர்க்கோடாக நின்றுவிட்டால் அது விக் மாதிரி தெரியும்.

நம் படத்தில் வலது நெற்றிப்பொட்டு வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் இருப்பதால் ஏற்கெனவே நிழலில் இருக்கிறது. அங்கே லேசாகத் தடவினாலே போதும். இடப்பக்கம்தான் வெளிச்சம் நேராக விழுந்து தோல் மினுங்குகிறது, அங்கே கூடுதலாக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தடவினால் வலப்பக்கம் கறுத்துப்போகும்.

முடி வரைந்தால் பேனாக் கோடு மாதிரி தனியாகத் தெரிகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நிறம். கறுப்பு முடியும் படத்தில் முழுக் கறுப்பாக இருப்பதே இல்லை. பக்கத்து முடியிலிருந்தே ஐ-டிராப்பரால் மூன்று நிறம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நிழலில் உள்ளது, நடுத்தரமானது, வெளிச்சம் பட்டு மினுங்குவது. பெரும்பாலானவற்றை நடுத்தர நிறத்தில் வரையுங்கள். தலையின் குறுக்கே மினுமினுப்புப் பட்டை ஓடும் இடத்தில் வரையும் முடியும் மினுங்க வேண்டும். அங்கே கறுப்பாகக் கடந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து அகலம். 200% அளவில் பெரிதாக்கி, பிரஷ்ஷின் வட்டத்தைப் படத்தில் உள்ள ஒரு நிஜ முடியின் மேல் வைத்து அளவெடுங்கள். நெற்றி ஓர முடி உள்ளே உள்ளதைவிட மெலிசாகவும் குட்டையாகவும் வெளிறியும் இருக்கும். எடுத்த அளவில் பாதியே அங்கே போதும். பேனா டேப்லெட்டில் அளவை அழுத்தத்தோடு இணைத்து, வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழுத்து நுனியில் கையைத் தூக்கிவிடுங்கள்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் முளைக்கும் விதம்தான். தலைக்குள்ளே ஒரு துளையிலிருந்து இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து முளைக்கின்றன. நெற்றி ஓரத்தில் பெரும்பாலும் ஒற்றையாகவே முளைக்கும். முடி மாற்று அறுவை செய்பவர்களும் முன்வரிசையில் ஒற்றை முடிகளைத்தான் நடுகிறார்கள், அதையும் நேர்க்கோடாக வைக்காமல் முன்னும் பின்னுமாக வைக்கிறார்கள். ரீடச்சிங்கிலும் அதேதான்: உள்ளே கொத்துக் கொத்தாக, ஓரத்தில் இடைவெளி விட்டு ஒற்றையாக, ஒழுங்கில்லாமல்.

திசையும் இடத்துக்கு இடம் மாறும். இழுத்துக் கட்டிய தலையில் நீள முடி பின்னால் போனாலும், நெற்றி ஓரத்துக் குட்டை முடி அந்தக் கட்டுக்குள் வராது. நெற்றிப்பொட்டில் அது முன்னும் கீழுமாகச் சாயும். இப்படி எதிரெதிராக ஓடி ஒன்றையொன்று கடக்கும் சில முடிகள் இருந்தால்தான் அந்த இடம் உயிரோடு இருக்கும். எல்லாம் இணையாக ஓடினால் சீப்பால் கீறிய மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, வரைந்த லேயருக்கு Gaussian Blur 0.3 முதல் 0.6 பிக்சல் வரை கொடுங்கள். கேமரா பதிந்த முடியைவிடப் பிரஷ் வரைந்த முடி எப்போதும் கூர்மையாக இருக்கும். குருணை தெரியும் படமாக இருந்தால் கொஞ்சம் நாய்ஸும் சேர்க்க வேண்டும்.

வரையாமல், அடர்த்தியான இடத்திலிருந்து முடியை வெட்டி ஒட்டலாமா?

தாராளமாக. பெரிய இடைவெளிக்கு அதுதான் நல்லது. லாசோவால் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஒரு துண்டை எடுத்து Ctrl+J அழுத்தினால் புது லேயரில் வரும். Edit > Transform > Warp-ஆல் அங்குள்ள முடியின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, மாஸ்க்கில் மெல்லிய பிரஷ்ஷால் எல்லா ஓரத்தையும் கரைத்துவிடுங்கள்.

இடப்பக்கத் துண்டைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வலப்பக்கம் ஒட்டாதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது, திருப்பினால் மினுமினுப்பு தவறான இடத்தில் உட்காரும். ஒரே துண்டைப் பல இடத்தில் ஒட்டினாலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வளைவைக் கண் பிடித்துவிடும். அப்புறம், ஒட்டிய துண்டு நெற்றி ஓரம் வரை வரக் கூடாது. நெற்றியை ஒட்டிய கடைசிப் பகுதியைக் கையால் வரைந்தால்தான் பொருந்தும்.

வகிடு அகலமாகத் தெரிகிறது. மூடிவிடலாமா?

மூட வேண்டாம், ஒடுக்கினால் போதும். Curves-ஆல் வகிட்டின் இரண்டு ஓரத்தையும் இறக்கி, நடுவில் தோலின் மெல்லிய கோட்டை விட்டுவையுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சில முடிகள் அந்தக் கோட்டைக் கடக்கட்டும்.

என்னிடம் மவுஸ்தான் இருக்கிறது. முடி வரைய முடியுமா?

முடியும், வேகம்தான் குறையும். பென் டூலால் ஒரு முடியின் வளைவைப் பாத் ஆக வரைந்து, பிரஷ்ஷின் Shape Dynamics-இல் Size கட்டுப்பாட்டை Pen Pressure என்று வைத்துவிட்டு, Stroke Path-இல் Simulate Pressure-ஐ டிக் செய்யுங்கள். கோடு இரண்டு முனையிலும் மெலிந்து வரும். வேர்ப்பக்கம் மெலிந்திருப்பது நெற்றி ஓரத்தில் உறுத்தாது, உள்ளே என்றால் பக்கத்து முடிக்கு அடியில் ஒளித்துவிடலாம். கிம்ப்பில் இதே வேலைக்குப் பாத்தை ஸ்ட்ரோக் செய்யும்போது Emulate brush dynamics என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போதும், இதோடு நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தற்காலிக Curves லேயர் போட்டு, கோட்டைச் செங்குத்தாக்கிக் கான்ட்ராஸ்ட்டை அதிகமாக ஏற்றுங்கள். பின்னணியில் நீங்கள் பூசிய திட்டுகள், எடுக்காமல் விட்ட முடி, கறுத்த தோல் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். இவ்வளவு நேரம் பழகிப்போன கண்ணுக்கு அது புதுப் படம், நேராக்கிவிட்ட நெற்றி ஓரம் சட்டென்று தெரியும்.

முடி வேலை செய்த லேயர்கள் அத்தனையையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பின் ஓப்பாசிட்டியை 100-இலிருந்து மெல்ல இறக்கிப் பாருங்கள். 75, 80% அளவிலேயே படம் நன்றாக இருக்கிறது என்றால் அங்கேயே விடுங்கள். என் கையில் பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்து பிசிறெல்லாம் தங்கமாக ஒளிர்கிறது. எடுப்பதா?

அது படத்தின் வெளிச்சத்தில் ஒரு பகுதி. முழுக்க எடுத்தால் பின்வெளிச்சத்தின் அழகே போய்விடும். வளையம் போடுபவற்றை மட்டும் Darken லேயரில் எடுத்துவிட்டு, மிச்சத்தில் ரொம்பப் பளிச்சென்று இருப்பவற்றைப் பர்ன் செய்து அடக்குங்கள்.

நெற்றியை எவ்வளவு தூரம் கீழே இறக்கலாம்?

இறக்கவே வேண்டாம். இருக்கும் வரிசைக்கு உள்ளே அடர்த்தி சேருங்கள், வரிசையை நகர்த்தாதீர்கள். நெற்றியின் உயரம் முகத்தின் அளவையே மாற்றும். படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர்கள் என்ன மாறியது என்று சொல்லத் தெரியாமலே இது அவர் இல்லையே என்பார்கள். அவர் கேட்காமல் நிரப்பவும் வேண்டாம். பிசிறு அன்றைய காற்றில் எழும்பியது, அதை எடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஏறு நெற்றி அவருடைய முகம், அதில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை போன்றவற்றுக்கான படம் என்றால் இந்தப் பக்கத்தில் சொன்ன எதையுமே செய்யாதீர்கள். திருத்திய படம் நிராகரிக்கப்படலாம். முடி கண்ணை மறைத்தால் ஒதுக்கிவிட்டு இன்னொரு படம் எடுப்பதே வழி.